5 அடி மண் கொட்டி உயர்த்திய மனை: களிமண்ணின் மேல் ராஃப்டா, பைலா? பொறியாளரிடம் எதைக் கேட்க வேண்டும்?

வரைதாள்

அனைவருக்கும் வணக்கம். நான் கட்டட வடிவமைப்பாளர். சோழிங்கநல்லூர்ப் பக்கம், பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி, 40க்கு 60 அடி மனை ஒன்றில் தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தை நேரில் பார்த்தவர் என்பதால், தெருவைவிட உயரமாக இருக்கட்டும் என்று உரிமையாளர் சென்ற மாதமே மனை முழுவதும் 5 அடி உயரத்துக்குக் கிராவல் கொட்டி, ரோலர் ஓட்டிவிட்டார்.

கொட்டுவதற்கு முன்பே மண் பரிசோதனை நடந்திருந்தது. பழைய தரைமட்டத்திலிருந்து முதல் 1 மீட்டர் காய்ந்து இறுகிய மேல்மண், அதன் கீழ் 6 மீட்டர் வரை சிப்பித் துண்டுகள் கலந்த சாம்பல் நிறக் களிமண், 6 முதல் 9 மீட்டர் வரை மணல், பிறகு கெட்டியான களி, 12 மீட்டரில் மட்கிய பாறை என்று அறிக்கை சொல்கிறது. சுத்தியல் அடிகளை எண்ணி மண்ணின் உறுதியை அளக்கும் எஸ்.பி.டி. எண், களிமண்ணில் 1 அல்லது 2 மட்டுமே. நிலத்தடி நீர் 60 சென்டிமீட்டரில் நின்றது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், 1.5 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 5 டன் தாங்கும் என்ற ஒரே வரி இருக்கிறது.

கட்டமைப்புப் பொறியாளர், "வீடு முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகையாக ராஃப்ட் போடலாம், ஆழத்துக்குக் கான்கிரீட் தூண்களை இறக்கிப் பைலும் போடலாம், பட்ஜெட்டைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்" என்கிறார். இதை நான் முடிவு செய்யக் கூடாது என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அவரிடம் எந்தக் கேள்வியைக் கேட்டால் சரியான முடிவு வரும் என்பதுதான் தெரியவில்லை.

நாகை மேஸ்திரி

ஐயா, நான் 26 ஆண்டுகளாகக் கடலோரத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். இந்த மண்ணில் ராஃப்ட் வேண்டாம். அண்டர்ரீம்டு பைல் 4 மீட்டருக்கு இறக்கி, அடியில் இரண்டு குமிழ் விட்டு, மேலே கிரேடு பீம் கட்டிவிடுங்கள். மாடி வீட்டுக்கு அது போதும். எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் சவுக்குக் கழியை நெருக்கமாக அடித்து, அதன் மேல் அடித்தளம் போடுவோம். தண்ணீருக்குள்ளேயே இருக்கும் சவுக்கு அழுகாது. அப்படிக் கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன.

கடலோர வீட்டுக்காரர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எனக்கு வீடு இருக்கிறது. 8 ஆண்டுகளுக்கு முன் சாதாரண ராஃப்ட்தான் போட்டோம். இதுவரை ஒரு விரிசல்கூட இல்லை. தண்ணீர் 1 மீட்டரிலேயே வந்துவிடும் இடம்தான் அது. ஆகவே பைல் என்று சொல்லிப் பயமுறுத்துபவர்களை நம்பாதீர்கள் என்பது என் கருத்து.

எனக்குத் தொல்லை கொடுத்தது சம்ப்தான். 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் கான்கிரீட் சம்ப் கட்டினோம். மேல்மூடி போடுவதற்கு முன் நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உள்ளே நின்ற தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் பார்த்தால், சம்பின் ஒரு மூலை ஒரு சாண் உயரத்துக்கு மேலே கிளம்பி நின்றது. கான்கிரீட் தொட்டி எப்படி மிதக்கும் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சரியாக விளக்கவில்லை.

களிமண்

நான் மண்ணியல் பொறியியலில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். முதலில் கடலோர வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீடும் வரைதாளின் மனையும் ஒரே ஊர்போலத் தெரிந்தாலும், இரண்டும் வேறு வேறு நிலங்கள். கடற்கரையை ஒட்டி இருப்பது காற்றும் அலையும் சேர்த்த மணல்மேடு. அதன் முதுகுப்புறம் இருந்தது உப்பங்கழி. பக்கிங்காம் கால்வாயே கரையோர உப்பங்கழிகளை ஒன்றோடொன்று இணைத்து வெட்டியதுதான். மணல், பாரம் ஏறும்போதே அமுங்க வேண்டிய அளவில் பெரும்பகுதி அமுங்கிவிடும். கழியில் படிந்த சேறோ, தன்னிடமுள்ள தண்ணீர் கசிந்து வெளியேறும் வேகத்தில்தான் அமுங்கும். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். தண்ணீர் மட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருப்பதால் மண்ணும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் சம்ப் கணக்கு எளிது. மழையில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு வந்துவிட்டால், அந்தத் தொட்டி இடம்பெயர்க்கும் தண்ணீர் 15 கன மீட்டர். அதாவது 15 டன் விசை அதை மேலே தூக்குகிறது. 15 சென்டிமீட்டர் கனத்தில் அடித்தளமும் சுவரும் போட்டிருந்தால், மூடி இல்லாத தொட்டியின் எடை ஏறத்தாழ 10 டன். உள்ளே ஒன்றேகால் மீட்டர் தண்ணீரை விட்டுவைத்திருந்தால், அந்த எடையும் சேர்ந்து தொட்டி அசைந்திருக்காது. உங்கள் ஆட்கள் அதைத்தான் இறைத்துவிட்டார்கள். வடிவமைப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி இதிலேயே இருக்கிறது: சம்பும் செப்டிக் டேங்கும் காலியாக, மூடி போடாமல், நிலத்தடி நீர் தரைமட்டத்தில் இருக்கும் நாளில் நிற்குமா? வேலை முடிந்த நிலைக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கொடுத்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி வரைதாளின் மனைக்கு வருகிறேன். நீங்கள் கேள்வியில் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிட்டுக் கடந்த அந்த 5 அடி கிராவல்தான் இங்கே முதல் கட்டடம். 1.5 மீட்டர் உயரம், கன மீட்டருக்கு 1.8 டன் என்றால், சதுர மீட்டருக்கு 2.7 டன். ஒரு தளத்துக்குச் சுவர், தளம், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1.2 டன் வரும். ஆக, உரிமையாளர் ரோலர் ஓட்டிய அன்றே, மனை முழுவதும் ஒரு மாடி வீட்டின் எடைக்கும் சற்று அதிகமாக ஏற்றிவிட்டார். நீங்கள் வரையும் வீடு அதன் மேல் வரும் இரண்டாவது கட்டடம்.

இதற்கான அமுக்கத்தை உத்தேசமாகப் போட்டுப் பார்க்கிறேன். உங்கள் அறிக்கையில் அமுக்கப் பரிசோதனை இல்லை என்று ஊகிக்கிறேன்; ஆகவே இத்தகைய களிக்கு நான் வழக்கமாகக் கண்ட மதிப்புகளை வைத்துக்கொள்கிறேன். 5 மீட்டர் களியின் நடுவில் இதுவரை இருந்த பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.3 டன். கிராவல் வந்த பிறகு அது 5 டன் ஆகிறது, அதாவது இரண்டு மடங்குக்கு மேல். அதனால் மட்டும் தரை 35 சென்டிமீட்டரை ஒட்டி இறங்கும். அதன் மேல் ராஃப்டில் வீடும் வந்தால் இன்னொரு 15 சென்டிமீட்டர். களிமண்ணில் ராஃப்டுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1904 அனுமதிப்பது மொத்தம் 10 சென்டிமீட்டர்தான்.

எவ்வளவு காலத்தில் இறங்கும் என்பது தண்ணீர் வெளியேறும் வழியைப் பொறுத்தது. களியின் மேலும் கீழும் மணல் இருந்தால், 10இல் 9 பங்கு இறங்க 5 ஆண்டுகளைப்போல ஆகும். மேற்புறம் கிராவலும் இறுகிய மண்ணும் அடைத்துக்கொண்டு, கீழ்ப்பக்கம் மட்டுமே வழி என்றால், தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் இரட்டிப்பாகிறது. காலம் 4 மடங்கு ஆகி 20 ஆண்டுகளுக்குப் போய்விடும். வீடு கட்டி, குடியேறி, வண்ணம் பூசி, பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அது இறங்கிக்கொண்டிருக்கும்.

அறிக்கையிலுள்ள 5 டன் பற்றி ஒரு சொல். இத்தனை மென்மையான களியின் வெட்டு வலிமையைத் தாராளமாகச் சதுர மீட்டருக்கு 1.5 டன் என்று வைத்தாலும், பாதுகாப்புக் காரணி 3 கொடுத்தால் இரண்டரை டன்னுக்கு மேல் வராது. அந்த 5 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

நாகை மேஸ்திரி

அம்மா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அண்டர்ரீம்டு பைலில் என்ன குறை என்று சொல்லவில்லையே?

களிமண்

அது நல்ல முறைதான் ஐயா, ஆனால் வேறு மண்ணுக்கானது. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் கரிசல் மண்ணில், அசையாத ஆழத்தில் குமிழை நங்கூரம்போலப் பிடித்து நிறுத்துவதற்காக வந்தது. அங்கே வெட்டிய குமிழ் கான்கிரீட் போடும்வரை அப்படியே நிற்கும். இங்கே 4 மீட்டரில் இருப்பது எண் 1 காட்டும் சேறு. சுத்தியலின் ஓர் அடிக்கே கம்பி இறங்கும் மண். அதில் தண்ணீருக்கு அடியில் குமிழ் வெட்டினால், கருவியை எடுக்கும் முன்பே கூரை சரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, 4 மீட்டர் பைலின் அடி களிக்குள்ளேயே நிற்கிறது. களி இறங்கும்போது பைலும் சேர்ந்து இறங்கும்.

சவுக்கு பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. எப்போதும் நீருக்குள் இருக்கும் மரம் நெடுங்காலம் நிற்கும். கோடையில் நீர்மட்டம் கீழே போய் மழையில் மேலே வரும் இடத்தில், அந்த ஏற்ற இறக்கப் பகுதியில்தான் தலை உளுத்துப்போகிறது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சும் ஊரில், நீர்மட்டம் 50 ஆண்டுகளுக்கு ஒரே இடத்தில் இருக்கும் என்று யார் உறுதி சொல்வது?

வரைதாள்

அப்படியானால் பைலை 12 மீட்டர் பாறை வரை கொண்டுபோனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? பொறியாளர் 45 சென்டிமீட்டர் பைல் ஒன்றுக்கு 35 டன் என்றார். வீட்டின் மொத்த எடை 230 டன், 12 தூண்கள். தூணுக்கு ஒரு பைல் என்றால் தாராளமாகவே தெரிகிறது.

களிமண்

பைல் இறங்காது. ஆனால் சுற்றியுள்ள மண் இறங்கும். இதிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கின்றன.

பைலைச் சுற்றியுள்ள களியும் கிராவலும் கீழே போகும்போது பைலையும் பற்றி இழுக்கும். 45 சென்டிமீட்டர் பைலின் சுற்றளவு 1.41 மீட்டர். 5 மீட்டர் களியில் சதுர மீட்டருக்கு 1.5 டன் உராய்வு என்றால் 10.6 டன். கிராவலும் சேர்ந்தால் 12 அல்லது 13 டன். தாங்க வேண்டிய பைலின் மேல் மண்ணே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. 35இல் இதைக் கழித்தால் மிச்சம் 22. உங்கள் தூண்பாரம் சராசரியாக 19, நடுத்தூண்களில் அதைவிடக் கூடுதல். "தாராளம்" போய்விட்டது. அந்த 35 டன்னைக் கணக்கிடும்போது களிமண் பகுதியின் உராய்வையும் தாங்கும் பக்கத்தில் சேர்த்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

பைலுக்குச் சுமைச் சோதனை செய்து காட்டுகிறேன் என்று பொறியாளர் சொன்னால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு அது விடையாகாது. சோதனை ஓரிரு நாளில் முடிந்துவிடும். பைலை அழுத்தும்போது பைல்தான் கீழே போகிறது. ஆகவே களியும் அதை மேல்நோக்கித் தாங்கிப் பிடிக்கும். அதே களி, பின்னர் ஆண்டுக்கணக்கில் இறங்கும்போது திசை மாறிக் கீழே இழுக்கும். சோதனையில் நண்பனாக நின்றது, பிறகு பாரமாகிவிடுகிறது.

கம்பிக்கணக்கு

நான் கட்டமைப்புப் பொறியாளன். அம்மையார் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். கீழிழுப்பை அப்படியே தாங்குதிறனிலிருந்து கழிப்பது தேவைக்கு மேற்பட்ட எச்சரிக்கை. பைல் சற்றே கீழே நகர்ந்தால், மண்ணுக்கும் பைலுக்கும் இடையிலான ஒப்பு நகர்வு குறைந்து, இழுப்பும் குறைந்துவிடும். பைல் தாங்காமல் முறிந்து இறங்கும் நிலை என்று ஒன்று வந்தால், அந்தக் கணத்தில் கீழிழுப்பே இருக்காது. ஆகவே இதை எவ்வளவு இறங்கும் என்ற கேள்வியாகவும், பைலின் கான்கிரீட் அந்தக் கூடுதல் விசையைத் தாங்குமா என்ற கேள்வியாகவும் மட்டும் பார்க்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் துறையில் வலுவாகவே இருக்கிறார்கள். இப்படி ஒவ்வொன்றையும் கழித்துக்கொண்டே போனால், சாதாரணக் குடும்பத்து வீட்டுக்குப் பைல் செலவே பாதி பட்ஜெட்டைத் தின்றுவிடும்.

களிமண்

அந்த வாதம் எனக்குத் தெரியும். மணலில் கொஞ்சம் இறங்க இடமிருக்கும் பைலுக்கு அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இங்கே பைலின் அடி பாறையில் உட்கார்கிறது. நகர்ந்து தப்பிக்க அதற்கு இடமில்லை. இழுப்பு முழுவதும் அதன் மேல் நிற்கும். மேலும், இந்த ஊரில் பைலின் அடியில் சேறு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்காமலே கான்கிரீட் விடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பைலில் நான் எச்சரிக்கையின் பக்கமே நிற்பேன். நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரிகிறது, இருக்கட்டும்.

வரைதாளுக்கு அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தூண்கள் பைலில் நிற்கும், சரி. தரைத்தளத்தின் தரை எதில் நிற்கிறது?

வரைதாள்

பிளிந்த் பீமுக்கு உள்ளே மணல் நிரப்பி, மேலே கம்பியில்லாத கான்கிரீட்டாகப் பி.சி.சி. போட்டு டைல்ஸ் ஒட்டுவதாகத்தான் வரைந்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் அப்படித்தானே செய்கிறோம்?

களிமண்

அந்த வரைபடத்தை இன்றே மாற்றுங்கள். தூணும் சுவரும் அசையாமல் நிற்க, தரை மட்டும் ஓர் அடி இறங்கும் வீடு அது. முதலில் ஸ்கர்ட்டிங்குக்கும் டைல்ஸுக்கும் இடையே தாள் நுழையும் அளவு இடைவெளி தெரியும். பிறகு விரல் நுழையும். நான் ஒரு வீட்டில் பார்த்தேன்: வெளியே பிளிந்த் பீமின் அடியில் மண் விலகி, எதிர்ப்பக்க வெளிச்சம் தெரிந்தது, பெருச்சாளி குடியேறியிருந்தது. குளியலறைக் கழிவுநீர்க் குழாய் பீமில் பிடித்த இடத்தில் நிற்க, வெளியே உள்ள சேம்பர் மண்ணோடு சேர்ந்து இறங்கியதால் குழாய் சந்திப்பிலேயே ஒடிந்து, பல மாதக் கழிவுநீர் வீட்டின் அடியில் நின்றது. கட்டமைப்பில் ஒரு விரிசலும் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தால் அங்கே குடியிருக்க முடியவில்லை.

ஆகவே பைல் என்று முடிவானால், தரைத்தளத் தரையும் பீம்களின் மேல் தாங்கும் ஸ்லாபாக வர வேண்டும். அதன் எடையும் தூண்களில் சேரும். பைல் கணக்கு அதற்கேற்ப மாறும். வாசற்படி, சாய்தளம், கார் நிற்கும் இடம், சுற்றுச்சுவர் எல்லாம் மண்ணோடு இறங்கப்போகிறவை. அவற்றை வீட்டோடு கம்பி போட்டுப் பிணைக்காமல், தனியே விட்டு வரையுங்கள். குழாய் வீட்டைவிட்டு வெளியேறும் இடத்தில் இரண்டு நெகிழ்வான இணைப்புகள் இருக்கட்டும். இந்த இடங்கள் பெரும்பாலும் பொறியாளரின் தாளிலும் வராது, பிளம்பரின் தாளிலும் வராது. உங்கள் தாளில்தான் வர முடியும்.

நாகை மேஸ்திரி

மண்ணே கொட்டாமல் இருந்திருந்தால்?

களிமண்

நல்ல கேள்வி ஐயா. நான் உரிமையாளராக இருந்தால் அதைத்தான் செய்வேன். கிராவலை அகற்றி, பழைய தரைமட்டத்திலேயே விட்டு, பைல்களின் மேல் வீட்டை உயர்த்தி, அடியில் கார் நிறுத்தலாம். வெள்ளம் வந்தால் அடியில் போய்விடும். கீழிழுப்பும் பெரும்பாலும் இல்லாமல் போகும். கொட்டி ஒரு மாதம்தான் ஆகிறது; களி இன்னும் பெரிதாக அமுங்கியிருக்காது. கொட்டிய காசு போகும் என்பது மட்டுமே நட்டம்.

ராஃப்ட்தான் வேண்டும் என்றால், களியில் செங்குத்து வடிகால் பட்டைகளை 1.2 மீட்டர் இடைவெளியில் இறக்கி, வீட்டின் எடைக்கு ஈடாக இன்னும் ஒன்றரை மீட்டர் மண்ணைத் தற்காலிகமாக ஏற்றி, 8 முதல் 10 மாதம் காத்திருந்து, பிறகு கூடுதல் மண்ணை எடுத்துவிட்டுக் கட்டலாம். பெரிய மனைப்பிரிவுக்கு இது அருமையான வழி. ஒரே ஒரு 40க்கு 60 மனைக்கு அந்த இயந்திரத்தை வரவழைப்பது கட்டுப்படியாகாது. பக்கத்து வீட்டு அடித்தளத்தையும் அந்த மண் சேர்த்து இறக்கிவிடும்.

கடலோர வீட்டுக்காரர்

என் சம்புக்கு விளக்கம் தந்ததற்கு நன்றி அம்மா. உங்கள் கணக்கைப் படித்த பிறகு, என் அனுபவத்தை வைத்து வரைதாளுக்கு ராஃப்ட் போடச் சொன்னது தவறு என்று உணர்கிறேன்.

வரைதாள்

நேற்றுப் பொறியாளரைச் சந்தித்தேன். எவ்வளவு இறங்கும், எந்த ஆண்டுக்குள் இறங்கும், அதில் கிராவலின் பங்கு என்ன என்று முதலில் கேட்டேன். சிறிது நேரம் அறிக்கையையே பார்த்துவிட்டு, பரிசோதனை நடந்தபோது கிராவல் கொட்டப்போவது தனக்குச் சொல்லப்படவில்லை என்றார். அதை நானும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். 35 டன்னில் களியின் உராய்வு சேர்ந்திருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். தரையை ஸ்லாபாக மாற்ற உடனே சம்மதித்தார். பைல் கான்கிரீட்டுக்கு எம்25 தரம் குறித்திருந்தார். நிலத்தடி நீரில் குளோரைடும் சல்ஃபேட்டும் எவ்வளவு என்று கேட்டபோது, பரிசோதிக்கவில்லை என்றார். நீர் மாதிரி எடுத்த பிறகு தரத்தையும் கம்பியை மூடும் கவர் கனத்தையும் முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கிராவலை எடுக்க உரிமையாளர் இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி ஒரு துளை போட்டு, அமுக்கப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கப்போகிறார்கள். நான் அங்கே இருக்க வேண்டுமா?

களிமண்

கட்டாயம் இருங்கள். மாதிரி எடுக்கும் குழாய் மெல்லிய சுவருள்ளதாக இருக்கட்டும். அதைச் சுத்தியலால் அடிக்காமல் ஒரே சீராக அழுத்தி இறக்கச் சொல்லுங்கள். 2.5 மீட்டரில் ஒன்று, 4.5 மீட்டரில் ஒன்று, பழைய தரைமட்டத்திலிருந்து அளந்து. மேலே வந்ததும் இரு முனைகளையும் மெழுகு ஊற்றி அடைத்து, ஆழத்தையும் எந்தப் பக்கம் மேலே என்பதையும் குழாயிலேயே எழுத வேண்டும். ஆய்வகத்துக்கு அதை இரு சக்கர வாகனத்தின் பின்னால் படுக்க வைத்துக் கட்டிக்கொண்டு போக விடாதீர்கள். இந்தக் களி குலுங்கினால் தன் அமைப்பை இழந்துவிடும். பிறகு வரும் எண் உங்கள் மனையுடையதாக இருக்காது. காரில் நிமிர்த்தி வைத்து, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கம்பிக்கணக்கு

அமுக்கப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே பதியுங்கள். கீழிழுப்புக் கணக்கை இரண்டு முறையிலும் போட்டுப் பார்க்கிறேன்.